844-க்காகக் காத்திருந்த ஆய்வு

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலர் டபாகிளிஃப்ளோசின் என்ற பெயரைத் தங்கள் மருந்துச் சீட்டில் பார்த்திருப்பார்கள். ரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து அது. இதயம் பலவீனப்பட்டு, ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாமல் போகும் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் அதே மாத்திரை உதவுமா, அவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லாவிட்டாலும் உதவுமா என்று கண்டறிய 2017 பிப்ரவரியில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. டாபா-எச்எஃப் என்று அதற்குப் பெயர். இந்தியா உட்பட 20 நாடுகளின் மருத்துவமனைகள் அதில் சேர்ந்தன. குலுக்கல் முறையில் பாதி நோயாளிகளுக்கு மருந்து. மறுபாதிக்கு அதே தோற்றத்தில், மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

இந்த ஆய்வை எப்போது முடிப்பது? உத்தேசமாக ஒரு காலக்கெடுவும், உத்தேசமாக ஓர் ஆள் எண்ணிக்கையும் திட்டத்தில் இருந்தன. ஆனால் திட்டத்தின் அச்சாணியாக இருந்தது வேறோர் எண்: 844. இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்படுவது, அல்லது அவசரமாக வந்து நரம்பு வழியே மருந்து ஏற்றிக்கொள்ள நேர்வது, அல்லது இதய நோயால் இறப்பது. இவற்றில் ஏதாவது ஒன்று, இரு குழுக்களையும் சேர்த்து, 844 பேருக்கு நேரும்வரை ஆய்வு நடக்க வேண்டும். ஒருவர் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்தாலும் முதல் முறைதான் கணக்கு. புள்ளியியலாளர்கள் இதை ‘நிகழ்வு’ என்கிறார்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

ஆய்வு என்றாலே எத்தனை பேரிடம் நடத்தப்பட்டது என்றுதான் நாம் கேட்கிறோம். செய்தித்தாள்களும் அதைத்தான் தலைப்பில் போடுகின்றன. ஆனால் உயிர்பிழைப்பை, அதாவது ஒரு கெட்ட விளைவு நேர எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதை, இரு குழுக்களிடையே ஒப்பிடும் ஆய்வுகளில் அந்தக் கேள்விக்குப் பெரிய மதிப்பில்லை. ஆய்வின் வலிமை முழுவதும் நிகழ்வுகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம். கணக்கு கடினமானதல்ல, கால்குலேட்டர் இருந்தால் வாசகரே செய்துபார்க்கலாம்.

முதலில் ஒரு கற்பனை. இரு குழுக்களிலும் ஆளுக்கு 1,000 பேர். ஒரு நாள் காலை, முதல் நிகழ்வு பதிவாகிறது. அது எந்தக் குழுவில் விழுந்தது? மருந்தால் எந்தப் பயனும் இல்லை என்றால், இரு பக்கமும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருப்பதால், அது எந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. சில நாள் கழித்து இரண்டாவது நிகழ்வு. மறுபடியும் அதே கேள்வி. இப்படி ஒவ்வொரு நிகழ்வும் ஒரு நாணயத்தைச் சுண்டிவிடுவது போலத்தான். தலை விழுந்தால் மருந்துக் குழு, பூ விழுந்தால் போலி மாத்திரைக் குழு. மருந்து வேலை செய்கிறது என்றால் அந்த நாணயம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எந்த அளவுக்குச் சாய்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வின் வேலை. உயிர்பிழைப்பை ஒப்பிட மருத்துவ ஆய்வுகளில் அதிகம் பயன்படும் லாக்-ரேங்க் சோதனையின் உள்ளே நடப்பது ஏறக்குறைய இதுதான். ஒவ்வொரு நிகழ்வின் போதும், அந்த நொடியில் இரு பக்கமும் எத்தனை பேர் நிகழ்வின்றிக் கண்காணிப்பில் இருக்கிறார்கள் என்று அது பார்க்கிறது. நிகழ்வு எந்தப் பக்கம் விழுந்தது, எந்த வாய்ப்பில் விழுந்திருக்க வேண்டும் என்று ஒப்பிடுகிறது. பிறகு அடுத்த நிகழ்வுக்கு நகர்கிறது.

இப்போது 1,000-க்குப் பதில் ஒவ்வொரு பக்கமும் 10,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிகழ்வு விழும்போது வாய்ப்பு மாறுகிறதா? இல்லை. இப்போதும் பாதிக்குப் பாதிதான். நலமாக இருக்கும் ஆயிரக்கணக்கானோர் நாணயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. சுண்டிய நாணயங்கள் மட்டுமே பேசுகின்றன.

இனி 844 எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். ஆய்வாளர்கள் தங்களுக்குள் ஒன்றை முடிவு செய்திருந்தார்கள்: இந்த மருந்து நிகழ்வுகள் நேரும் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால்கூட அது நோயாளிக்கு அர்த்தமுள்ள நன்மை, அதைத் தவறவிடக் கூடாது. போலி மாத்திரைக் குழுவின் வேகம் 1 என்றால் மருந்துக் குழுவின் வேகம் 0.80. இதற்கு அபாய விகிதம் என்று பெயர். அப்படியானால் ஒவ்வொரு நிகழ்வும் மருந்துக் குழுவில் விழ வாய்ப்பு 0.80-ஐ 1.80-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 44.4 சதவீதம். ஆய்வு பிடிக்க வேண்டியது 50-க்கும் 44.4-க்கும் உள்ள அந்தச் சிறிய வித்தியாசத்தை.

844 முறை சுண்டினால் நேரான நாணயம் சராசரியாக 422 தலை காட்டும். சாய்ந்த நாணயம் 375 காட்டும். இடைவெளி 47. நேரான நாணயமே தற்செயலாக எவ்வளவு தடுமாறும்? 844-இன் வர்க்கமூலத்தில் பாதி, அதாவது சுமார் 14.5. ஆக, நாம் எதிர்பார்க்கும் இடைவெளி தற்செயல் தடுமாற்றத்தைப் போல 3.2 மடங்கு. அந்த 3.2 மந்திர எண் அல்ல. அதில் 1.96 மடங்கு, ‘இது வெறும் தற்செயல்’ என்ற வாதத்தை ஒதுக்கத் தேவை. மருந்து பயனற்றதாக இருந்தும் ஆய்வு ஏமாந்து வித்தியாசம் உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பை அது 5 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. மீதி 1.28 மடங்கு, மருந்து உண்மையில் பலன் தந்தும் நம் ஆய்வின் துரதிர்ஷ்டத்தால் முடிவு சற்றே குறைந்து தெரிந்தால் தாங்கிக்கொள்ள வைத்திருக்கும் இருப்பு. அந்த இருப்பு இருந்தால், உண்மையான பலனை ஆய்வு பிடிக்கும் வாய்ப்பு 90 சதவீதம். பவர் என்று ஆய்வுக் கட்டுரைகளில் வருவது இதைத்தான்.

நாணயக் கணக்கை இன்னும் துல்லியமாக்கி ஒரே வரியில் எழுதலாம். டேவிட் ஷோன்ஃபெல்டு என்ற புள்ளியியலாளர் 1980-களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரைகளின் வழியே பரவலாகி, இன்றும் அவர் பெயரால் வழங்கும் சூத்திரம் இது:

```
d = 4 × (1.960 + 1.282)² ÷ (ln 0.80)²
  = 42.04 ÷ 0.0498
  ≈ 844
```

d என்பது நிகழ்வுகளின் எண்ணிக்கை. ln என்பது இயல் மடக்கை. கால்குலேட்டரில் அந்தப் பெயரிலேயே ஒரு பொத்தான் இருக்கும். இரு குழுக்களும் சம அளவில் இருப்பதால் முன்னால் 4 வந்திருக்கிறது. இந்தச் சூத்திரத்தில் எது இல்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை நோயாளிகள் என்பது இல்லை. எத்தனை ஆண்டுகள் என்பதும் இல்லை. நோய் கொடியதா சாதாரணமானதா என்பதும் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு பலனை 90 சதவீத உறுதியுடன் பிடிக்க வேண்டுமா, 844 நிகழ்வு கொண்டுவா என்கிறது; அவ்வளவுதான்.

ஆட்களின் எண்ணிக்கை இதற்குப் பிறகுதான் வருகிறது. அது முழுக்க நடைமுறைக் கணக்கு: 844 நிகழ்வுகளை எங்கிருந்து, எவ்வளவு காலத்தில் திரட்டுவது? போலி மாத்திரைக் குழுவில் ஆண்டுக்கு 11 சதவீதம் பேருக்கு நிகழ்வு நேரும் என்று டாபா-எச்எஃப் குழுவினர் எதிர்பார்த்தார்கள். ஒரு நோயாளியைச் சராசரியாக இரண்டு ஆண்டு கண்காணிக்கலாம் என்று வைத்தார்கள். முதலாண்டு 89 சதவீதம் பேர் நிகழ்வின்றிக் கடப்பார்கள். அவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டாம் ஆண்டையும் கடப்பார்கள். இரண்டையும் பெருக்கினால் 79.2. ஆக 20.8 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டில் நிகழ்வு. மருந்துக் குழுவில் வேகம் 0.80 ஆகக் குறைந்தால் அது 17 சதவீதம். இரண்டின் சராசரி 18.9 சதவீதம். 844-ஐ 0.189-ஆல் வகுத்துப் பாருங்கள்: 4,466. ஆய்வுத் திட்டத்தில் இருந்த உத்தேச எண்ணிக்கை 4,500. நான் இங்கே செய்தது தோராயக் கணக்கு; நோயாளிகள் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை என்பதையெல்லாம் அவர்கள் சேர்த்துத்தான் கணக்கிட்டிருப்பார்கள். இருந்தாலும் எண் எங்கே பிறந்தது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

இதே 844-ஐ வேறு வழிகளிலும் திரட்டலாம். அதே 11 சதவீதத்தை வைத்துக் கணக்கிட்டால், 8,500 பேரை ஓராண்டு கண்காணித்தாலும் கிடைக்கும்; 2,500 பேரை நான்காண்டு கண்காணித்தாலும் கிடைக்கும். மூன்று ஆய்வுகளுக்கும் ஒரே வலிமை. செலவும் காலமும்தான் மாறும். இந்தக் கொடுக்கல் வாங்கல் புரிந்துவிட்டால், கோவிட் காலத்தில் பலரைக் குழப்பிய ஒரு விஷயமும் புரியும். ஃபைசர் தடுப்பூசி ஆய்வில் 43,000-க்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. முடிவைத் தீர்மானித்ததோ 170 தொற்றாளர்கள். அவர்களில் 162 பேர் மருந்தில்லா ஊசி போட்டவர்கள், 8 பேர் தடுப்பூசி போட்டவர்கள். நாற்பதாயிரம் பேரைச் சேர்த்ததற்குக் காரணம், ஒரு சில மாதத்தில் நூற்றைம்பது சொச்சம் தொற்றாளர்களைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். கணக்குக்கு அந்தச் சில தொற்றாளர்கள் போதும். ஊசியின் பாதுகாப்பைப் பார்க்கத்தான் ஆயிரக்கணக்கானோர் வேண்டும். அது வேறு கேள்வி, அதற்கு ஆட்களை எண்ணுவதே சரி.

டாபா-எச்எஃப் ஆய்வில் என்ன நடந்தது? 4,744 பேர் சேர்ந்தார்கள். எதிர்பார்த்ததைவிட நோயாளிகளின் நிலை மோசமாக இருந்தது. போலி மாத்திரைக் குழுவில் 100 பேருக்கு ஆண்டுக்கு 15.6 நிகழ்வுகள் பதிவாயின. மருந்து சாப்பிட்ட குழுவிலேயே 11.6. போலி மாத்திரைக் குழுவுக்கென்று ஊகித்து வைத்திருந்த வேகம், மருந்து சாப்பிட்டவர்களிடம்தான் தென்பட்டது. ஊகம் இவ்வளவு பிசகினால் சாதாரணமாக ஓர் ஆய்வு ஆட்டம் கண்டுவிடும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. இலக்கு 844 நிகழ்வு என்று இருந்ததால், நிகழ்வுகள் வேகமாக வந்தன, இலக்கு சீக்கிரம் எட்டியது, ஆய்வு சீக்கிரம் முடிந்தது. கண்காணிப்பின் இடைநிலைக் காலம் 18.2 மாதங்கள். கடைசியில் கணக்கில் வந்த நிகழ்வுகள் 888: மருந்துக் குழுவில் 386, போலி மாத்திரைக் குழுவில் 502. அபாய விகிதம் 0.74. எதிர்பார்த்த 0.80-ஐ விட நல்ல பலன். 2019 செப்டம்பரில் பாரிஸில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் இந்த முடிவு அறிவிக்கப்பட்டது.

ஆய்வுக் கட்டுரையில் அந்த 0.74-க்குப் பக்கத்தில் 0.65 முதல் 0.85 வரை என்று ஓர் இடைவெளி அச்சாகியிருக்கிறது. உண்மையான பலன் இதற்குள் எங்கோ இருக்கலாம் என்று சொல்லும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி அது. அந்த இடைவெளியை நாமே கணக்கிடலாம். அதற்கு 386, 502 என்ற இரண்டு எண்கள் போதும். ஒன்றை 386-ஆல் வகுத்தால் 0.00259. ஒன்றை 502-ஆல் வகுத்தால் 0.00199. கூட்டினால் 0.00458, வர்க்கமூலம் 0.0677, அதை 1.96-ஆல் பெருக்கினால் 0.133. கால்குலேட்டரில் e-இன் அடுக்காக அதைப் போட்டால் 1.14. இனி 0.74-ஐ 1.14-ஆல் வகுங்கள்: 0.65. பெருக்குங்கள்: 0.84 சொச்சம், அச்சான 0.85-க்கு மிக அருகில் வந்து நிற்கிறது. 4,744 என்ற எண்ணை நாம் தொடவே இல்லை. இந்தச் சிறு கணக்கைச் செய்துபார்த்த பிறகு, ஓர் ஆய்வின் துல்லியம் நிகழ்வுகளில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை என்பது என் எண்ணம். இரு குழுக்களும் சமமாக இருந்து, பலனும் மிகத் தீவிரமாக இல்லாதபோது, எந்த ஆய்வுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

இனி, இது எங்கே கெடும் என்று சொல்ல வேண்டும்.

முதல் கேடு காகிதத்திலேயே தொடங்கிவிடுகிறது. சூத்திரத்தில் அபாய விகிதத்தை நாமேதான் போடுகிறோம். 0.80 என்றால் 844 நிகழ்வுகள். 0.70 என்று போட்டால் 331 போதும். 0.90 என்றால் ஏறக்குறைய 3,790 வேண்டும். பணமும் நோயாளிகளும் குறைவாக இருக்கும் இடத்தில், ‘நம்ம மருந்து 30 சதவீதம் குறைக்கும்’ என்று எழுதிவிட்டால் ஆய்வு பாதிக்கும் குறைவான செலவில் முடிந்துவிடும். அதில் பொய் சொல்லும் எண்ணம்கூட இருக்க வேண்டியதில்லை. தன் மருந்தின் மீது நம்பிக்கை இருந்தாலே போதும். ஆனால் உண்மையான பலன் 0.80 ஆக இருந்து, 331 நிகழ்வோடு ஆய்வை நிறுத்தினால், அதைப் பிடிக்கும் வாய்ப்பு 90 சதவீதத்திலிருந்து சுமார் 53 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நிகழ்வுகளின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கக்கூடிய மருந்து, ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை’ என்ற வரியோடு மூடி வைக்கப்படலாம். அபாய விகிதத்தை எதிர்பார்ப்பிலிருந்து எடுக்கக் கூடாது. எவ்வளவு குறைந்தால் நோயாளிக்கு இந்த மாத்திரை சாப்பிடத் தகும் என்ற கேள்வியிலிருந்து எடுக்க வேண்டும். ஆய்வுத் திட்டம் ஒன்றைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த எண்ணையும், அதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தையும்தான்.

இரண்டாவது, நிகழ்வுகள் மெதுவாக வருவது. டாபா-எச்எஃப் ஆய்வில் போலி மாத்திரைக் குழுவின் வேகம் 11 சதவீதத்துக்குப் பதில் 7 சதவீதமாக இருந்திருந்தால்? 4,500 பேரை இரண்டாண்டு கண்காணித்தால் சுமார் 550 நிகழ்வுகள்தான் கிடைத்திருக்கும். நாட்காட்டியைப் பார்த்து அங்கேயே நிறுத்தினால் பவர் சுமார் 74 சதவீதம். நான்கில் ஒரு முறை உண்மையான பலன் தவறிப்போகும். நிகழ்வுகளை இலக்காக வைத்த ஆய்வுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 844 என்பது இரு குழுக்களையும் சேர்த்த எண். யாருக்கு என்ன மாத்திரை என்ற ரகசியத்தை உடைக்காமலேயே, மாதாமாதம் மொத்தம் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணலாம். ஓராண்டு முடிவில் மொத்தம் பின்தங்கியிருந்தால் கண்காணிப்பை நீட்டிக்கலாம், அல்லது இன்னும் நோயாளிகளைச் சேர்க்கலாம். எந்தப் பக்கம் எத்தனை என்று தெரியாதவரை இதில் முறைகேடு இல்லை. அது தெரிந்த பிறகு நீட்டித்தால், நாணயம் நமக்குப் பிடித்த பக்கம் விழும்வரை சுண்டிக்கொண்டே இருப்பதாகிவிடும்.

இந்த எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமானால் யாரும் காணாமல் போகக் கூடாது. பாதியில் விலகி, பிறகு என்ன ஆனார் என்று தெரியாத நோயாளி, அதுவரை நலமாக இருந்தார் என்ற தகவலை மட்டும் விட்டுச்செல்கிறார். அவருக்குப் பின்னால் நேரும் நிகழ்வு கணக்கில் வருவதே இல்லை. அப்படிப் போகிறவர்கள் உடல்நிலை மோசமானதால் போகிறார்கள் என்றால் நிலைமை இன்னும் கெடும். ஏனென்றால் ஆய்வு இழப்பது சாதாரண ஆட்களை அல்ல, நிகழ்வுகளை.

நிகழ்வு குறைந்தால் செய்ய ஒரு குறுக்குவழி உண்டு. நிகழ்வு என்ற சொல்லின் வரம்பை விரிப்பது. மரணம் மட்டும் என்பதற்குப் பதில் மரணம் அல்லது மருத்துவமனைச் சேர்க்கை என்று வைத்தால் எண்ணிக்கை கூடும். டாபா-எச்எஃப் செய்ததும் அதுதான். இதயச் செயலிழப்பில் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்குப் போவதே பெரிய துன்பம் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விலை என்ன என்று பார்க்க வேண்டும். இதய நோய் மரணத்தை மட்டும் தனியே எண்ணினால் மருந்துக் குழுவில் 227, போலி மாத்திரைக் குழுவில் 273, மொத்தம் 500. அபாய விகிதம் 0.82, இடைவெளி 0.69 முதல் 0.98. மேலே செய்த அதே கணக்கை இந்த இரண்டு எண்களை வைத்துச் செய்துபாருங்கள். அதே விடை வரும். ஆட்கள் அதே 4,744 பேர்தான். நிகழ்வுகள் 888-லிருந்து 500 ஆனதும் இடைவெளியின் மேல் விளிம்பு 1-ஐ உரசும் தூரத்துக்குப் போய்விட்டது. 1 என்றால் பயனே இல்லை என்று பொருள். மரணத்தைக் குறைக்கிறதா என்பது ஒருவருடைய முக்கியக் கேள்வி என்றால், இந்த ஆய்வு அவருக்குத் தரும் பதில் மொத்த முடிவைப் போல உறுதியானதல்ல. மருத்துவமனைச் சேர்க்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மரணம் மரணம்தான், சேர்க்கையோ ஒரு மருத்துவரின் முடிவு, படுக்கை காலியாக இருந்ததா என்பதையும் பொறுத்தது. அதனால்தான் இத்தகைய ஆய்வுகளில், யாருக்கு என்ன மாத்திரை என்று தெரியாத தனிக்குழு ஒவ்வொரு நிகழ்வின் ஆவணங்களையும் படித்து, இதை எண்ணலாமா கூடாதா என்று முடிவு செய்கிறது.

சூத்திரத்தின் அடியிலேயே ஓர் அனுமானம் இருக்கிறது. நாணயத்தின் சாய்வு ஆய்வின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் ஒன்றே என்பது. டபாகிளிஃப்ளோசினைப் பொறுத்தவரை பலன் சில வாரங்களிலேயே தெரியத் தொடங்கியதால் பெரிய இடையூறு இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் புற்றுநோய் மருந்துகள் அப்படியல்ல. நுரையீரல் புற்றுநோய்க்கு நிவோலுமாப் மருந்தை வழக்கமான கீமோதெரபி மருந்தோடு ஒப்பிட்டு 2015-இல் வெளிவந்த செக்மேட் 057 ஆய்வில், முதல் சில மாதங்களில் புது மருந்துக் குழுவின் உயிர்பிழைப்புக் கோடு சற்றே கீழே இருந்தது. பிறகு இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு, அது மேலே ஏறி விலகிச் சென்றது. இத்தகைய மருந்துக்கு எல்லா நிகழ்வுகளும் ஒன்றல்ல. ஏராளமான நோயாளிகளை அவசரமாகச் சேர்த்து, முதல் ஆறு மாதத்திலேயே தேவையான நிகழ்வுகளைத் திரட்டிவிட்டால், எண்ணிக்கை நிறைந்துவிடும். ஆனால் மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே விழுந்த நிகழ்வுகளாக அவை இருக்கும். எனவே பலன் தாமதமாக வரும் என்று சந்தேகம் இருக்குமிடத்தில் ‘இத்தனை நிகழ்வு’ என்பதோடு ‘குறைந்தது இத்தனை மாதக் கண்காணிப்பு’ என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.

நம் மருத்துவக் கல்லூரிகளில் மேற்படிப்பு மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளில் இந்த விஷயம் எப்படித் தெரியும் என்று யோசித்தால் கொஞ்சம் கவலையாகவே இருக்கிறது. ‘சாம்பிள் சைஸ் எவ்வளவு சார் போடணும்?’ என்று கேட்டு வரும் மாணவரிடம் புள்ளியியல் ஆசிரியர் திருப்பிக் கேட்க வேண்டியது, ‘உன் வார்டில் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள்?’ என்பது. பெரும்பாலும் அந்தக் கேள்வி வருவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு மாணவர் 120 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து ஓராண்டு கண்காணிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதம் பேர் இறந்தால் 18 நிகழ்வுகள். பவர் 80 சதவீதம் போதும் என்று இறங்கி வந்தாலும், 18 நிகழ்வால் பிடிக்கக்கூடிய அபாய விகிதம் 0.27. மரணத்தின் வேகத்தைக் கால் பங்காக வெட்டும் மருந்தாக இருந்தால்தான் இந்த ஆய்வின் கண்ணில் படும். அப்படிப்பட்ட மருந்து மருத்துவத்தில் அபூர்வம். ஒரு குழுவில் 7 பேரும் மறு குழுவில் 11 பேரும் இறந்தார்கள் என்றால் அபாய விகிதம் சுமார் 0.63, இடைவெளியோ 0.24 முதல் 1.6 வரை. அதாவது மருந்து முக்கால்வாசி மரணத்தைத் தடுக்கலாம். மரண வேகத்தை 60 சதவீதம் கூட்டவும் கூட்டலாம். இந்தத் தரவு இரண்டில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘இரு சிகிச்சைகளுக்கும் வித்தியாசம் இல்லை’ என்று எழுதப்பட்டுவிடும்.

அந்த மாணவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மரணத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு நோயாளியிடமும் அளக்கக்கூடிய ஒன்றை, ரத்தப் பரிசோதனை அளவையோ நடக்கும் தூரத்தையோ, விளைவாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே 120 பேரும் தகவல் தருவார்கள். அல்லது பழைய கோப்புகளைப் புரட்டி, பல கல்லூரிகளை இணைத்து, நிகழ்வுகளை நூற்றுக்கணக்கில் திரட்டலாம். இரண்டும் முடியாதென்றால், 18 மரணங்களையும் அவை குழுவுக்கு எத்தனையாகப் பிரிந்தன என்பதையும், எத்தனை மாதக் கண்காணிப்பு என்பதையும், அந்த அகன்ற இடைவெளியையும் அப்படியே அச்சிட்டு, முடிவு சொல்லாமல் விடலாம். பின்னால் ஒருவர் இதே கேள்வியில் நடந்த சிறு ஆய்வுகளையெல்லாம் தொகுக்கும்போது அவருக்குத் தேவைப்படுவது ‘வித்தியாசம் இல்லை’ என்ற வாக்கியம் அல்ல, 7 என்ற எண்ணும் 11 என்ற எண்ணும். அவை இருந்தால் இந்த ஆய்வின் 18, வேறோர் ஊரின் 25, இன்னோர் ஊரின் 40 என்று கூட்டி எடையிட முடியும்.